தாள் ஜெலட்டினுக்குப் பதில் தூள்: எடையை எந்தக் கணக்கில் மாற்றுவது?

செய்முறையில் வெள்ளித் தரத் தாள் ஜெலட்டின் 4 என்று எழுதியிருக்கிறது. கையில் இருப்பதோ, ஜெலட்டினின் வலுவைக் காட்டும் ப்ளூம் எண் 225 என்று உறையில் அச்சிட்ட தூள் ஜெலட்டின். நான்கு தாள்களையும் தராசில் வைத்தால் 10 கிராம் வருகிறது. அப்படியானால் தூள் எத்தனை கிராம் எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சமையல் நூல்களிலும் பேக்கரிக் கூடங்களிலும் மூன்று வகையான பதில்கள் புழங்குகின்றன. எடைக்கு எடை அப்படியே 10 கிராம் எடுக்கலாம் என்பது ஒன்று. எடையை ப்ளூம் எண்ணால் பெருக்கி, இரு பக்கமும் பெருக்குத்தொகை சமமாக வரும்படி 7.1 கிராம் எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. ப்ளூம் எண்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் கண்டு 8.4 கிராம் எடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஏறத்தாழ ஒரு லிட்டர் க்ரீமில் கலக்கப்போகும் பொருளுக்கு 7.1 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையிலுள்ள மூன்று கிராம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் பன்னா கோட்டா என்பது க்ரீமை ஜெலட்டினால் உறையவைத்த டெசர்ட்; கரண்டி பட்டதும் நடுங்கி வழிந்துவிடும் பன்னா கோட்டாவுக்கும், பற்களுக்கிடையே ரப்பர் போலத் துள்ளும் பன்னா கோட்டாவுக்கும் உள்ள தூரம் அந்த மூன்று கிராம்தான்.

இந்த மூன்று கணக்குகளில் எதை எப்போது நம்பலாம் என்பதைப் பார்ப்பதற்கு முன், ப்ளூம் எண் எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ப்ளூம் எண் சொல்வதும் சொல்லாததும்

ஆஸ்கார் ப்ளூம் என்பவர் வடிவமைத்து 1925இல் காப்புரிமை பெற்ற கருவியின் பெயரால் வழங்குவது இந்த எண். 7.5 கிராம் ஜெலட்டினை 105 மில்லிலிட்டர் நீரில் ஊறவைத்துக் கரைத்து, 10 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 17 மணி நேரம் உறையவிடுகிறார்கள். பிறகு 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான உருளை ஒன்றை அந்த ஜெல்லின் மேற்பரப்பில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துகிறார்கள். அவ்வாறு அழுத்துவதற்கு எத்தனை கிராம் விசை தேவைப்படுகிறதோ, அதுவே அந்த ஜெலட்டினின் ப்ளூம் எண். சமையலில் பயன்படும் ஜெலட்டின் பெரும்பாலும் 125க்கும் 265க்கும் இடையில் அமைகிறது. கடைகளில் கிடைக்கும் தூள் பொதுவாக 200க்கும் 250க்கும் இடையில் இருக்கும்.

இந்தச் சோதனையில் ஜெலட்டினின் செறிவு 6.67 சதவீதம். நாம் செய்யும் பன்னா கோட்டாவிலோ அது சுமார் 1 சதவீதம்தான். அதாவது, அடர்த்தியான ஒரு ஜெல்லில் அளந்த எண்ணைக் கொண்டு, அதில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான செறிவுள்ள ஒரு ஜெல்லின் நடத்தையை நாம் ஊகிக்கிறோம். எனவே கீழே வரும் எந்தச் சூத்திரமும் தோராயம்தான். இரண்டாவது தசமத் தானம் வரை கணக்கிட்டுத் தராசோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. ஆயினும் தோராயங்களுக்குள்ளும் நல்ல தோராயம், மோசமான தோராயம் என்ற வேறுபாடு உண்டு.

தாளை எண்ணுவது வேறு, நிறுப்பது வேறு

தாள் ஜெலட்டினை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரங்களாகப் பிரிக்கிறார்கள். வெண்கலத்தின் ப்ளூம் எண் 125 முதல் 155 வரை. வெள்ளி சுமார் 160. தங்கம் 190 முதல் 220 வரை. பிளாட்டினம் 235 முதல் 265 வரை. தரம் உயர உயரத் தாளின் எடை குறைந்துகொண்டே வருவது பலருக்கும் முதலில் வியப்பாக இருக்கும். வெண்கலத் தாள் சுமார் 3.3 கிராம், வெள்ளித் தாள் 2.5 கிராம், தங்கத் தாள் 2 கிராம், பிளாட்டினத் தாள் 1.7 கிராம். சமையற்காரர் எந்தத் தரத்தை வாங்கினாலும் ஒரு தாளுக்கு ஒரு தாள் என்று எண்ணிப் போட்டால் போதும் என்ற வசதிக்காகத் தயாரிப்பாளர்கள் வலுவான ஜெலட்டினை மெல்லிய தாளாகவும் வலுக்குறைந்ததைக் கனமான தாளாகவும் வார்க்கிறார்கள்.

தாளுக்குத் தாள் மாற்றும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது. தூளுக்கு மாறும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனெனில் தூளை எண்ண முடியாது, நிறுக்கத்தான் வேண்டும். நிறுக்கத் தொடங்கியதும் ‘4 தாள்’ என்ற சொல் ஒரே எடையைக் குறிப்பதில்லை என்பது வெளிப்படுகிறது. வெண்கலமானால் அது 13 கிராமுக்கு மேல். பிளாட்டினமானால் 7 கிராமுக்கும் குறைவு. தாளின் தரத்தைக் குறிப்பிடாமல் ‘ஒரு தாளுக்கு இத்தனை கிராம் தூள்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் அட்டவணைகள் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. ஆகவே முதல் வேலை, செய்முறை எந்தத் தரத் தாளைக் கருதி எழுதப்பட்டது என்று அறிவது. தரம் குறிப்பிடாமல் ஒரு தாளின் எடையை மட்டும் குறிப்பிட்டிருந்தாலும் போதும்: 2.5 கிராம் என்றால் பெரும்பாலும் வெள்ளி, 2 கிராம் என்றால் தங்கம் என்று கொள்ளலாம்.

மூன்று கணக்குகளும் நேருக்கு நேர்

எடைக்கு எடை என்ற முதல் கணக்கு, இரண்டு ஜெலட்டினின் ப்ளூம் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மட்டும் சரி. தாளும் தூளும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள். தாளாக வார்த்ததால் ஜெலட்டினுக்குத் தனி வலு எதுவும் வந்துவிடுவதில்லை. எனவே தங்கத் தாளுக்குப் பதிலாக ப்ளூம் 200 கொண்ட தூள் கிடைத்தால் கணக்கே வேண்டாம், நிறுத்து மாற்றிவிடலாம். ஆனால் வெள்ளியிலிருந்து 225க்குப் போகும்போது இந்தக் கணக்கு நம்மைத் தேவைக்கு மேல் ஜெலட்டின் போட வைக்கிறது.

இரண்டாவது கணக்கு நேர்விகிதம். 10 கிராமை 160ஆல் பெருக்கினால் 1600. அதை 225ஆல் வகுத்தால் 7.1 கிராம். மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதாலும், தாள்களின் எடைகளோடு இது பொருந்திப்போவதாலும் இந்த முறைக்கு ஆதரவு அதிகம். வெள்ளித் தாளின் 2.5 கிராமை 160ஆல் பெருக்கினாலும், தங்கத் தாளின் 2 கிராமை 200ஆல் பெருக்கினாலும் 400 என்ற ஒரே விடை வருகிறது. பிளாட்டினத்துக்கு 250 என்று கொண்டால் 425. தயாரிப்பாளர்கள் தாளின் எடையை ஏறத்தாழ இந்தக் கணக்கில்தான் அமைத்திருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கின் அடிப்படையில் ஒரு பிழை இருக்கிறது. ஜெலட்டினை இரட்டிப்பாக்கினால் ஜெல்லின் உறுதியும் இரட்டிப்பாகும் என்று இது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் உறுதி அதைவிட வேகமாக ஏறுகிறது. ஜெலட்டினின் நீண்ட புரதச் சங்கிலிகள் குளிரும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு முடிச்சுகளை உண்டாக்குகின்றன; அந்த முடிச்சுகளால் ஆன வலைதான் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு முடிச்சு விழுவதற்குச் சங்கிலிகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். எண்ணிக்கை இரு மடங்கானால் சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இதனால் ஜெல்லின் உறுதி செறிவின் வர்க்கத்தோடு ஒட்டி ஏறுகிறது என்று கொள்வது ஜெலட்டின் தொழிலில் வழக்கம். அதிலிருந்து பிறப்பதே மூன்றாவது கணக்கு:

தூளின் எடை = தாளின் எடை × √(தாளின் ப்ளூம் ÷ தூளின் ப்ளூம்)

நம் எடுத்துக்காட்டில் 160க்கு வர்க்கமூலம் 12.65, 225க்கு 15. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.843. அதை 10 கிராமால் பெருக்க 8.4 கிராம். கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரில் வர்க்கமூலக் குறியை ஒருமுறை தொட வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர, இதில் கடினம் ஒன்றுமில்லை.

இப்போது மூன்றாவது கணக்கைச் சரியானதென்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கலாம். 8.4 கிராம் போட வேண்டிய இடத்தில் 10 கிராம் போட்டால் செறிவு 1.19 மடங்கு, அதன் வர்க்கம் 1.41. அதாவது டெசர்ட் சுமார் 40 சதவீதம் கூடுதல் உறுதியோடு உறையும். 7.1 கிராம் போட்டால் செறிவு 0.84 மடங்கு, வர்க்கம் 0.71. அதாவது சுமார் 30 சதவீதம் தளர்ந்து உறையும். ஒரு கணக்கு மேலே தவறுகிறது, மற்றொன்று கீழே தவறுகிறது. இரண்டும் நாக்கு கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குத் தவறுகின்றன.

எண்கள் நெருங்கியிருக்கும்போது இந்தச் சர்ச்சை தானாகவே அடங்கிவிடுகிறது. 10 கிராம் தங்கத் தாளை ப்ளூம் 200 என்று கொண்டு 225 தூளுக்கு மாற்றினால், நேர்விகிதத்தில் 8.9 கிராமும் வர்க்கமூலத்தில் 9.4 கிராமும் வரும். அரை கிராம் வேறுபாடு. வீட்டுத் தராசுகளில் பலவற்றுக்கு அது கண்ணிலேயே படாது. வெண்கலத்திலிருந்து மாற்றும்போது நிலைமை எதிர்மாறு. 140ஐ அடிப்படையாகக் கொண்டால் 10 கிராமுக்கு நேர்விகிதம் 6.2 கிராம் என்கிறது, வர்க்கமூலம் 7.9 கிராம் என்கிறது. எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு உண்மையான எடை இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம்

என் தேர்வு வர்க்கமூலக் கணக்குதான். ஆயினும் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. எந்தக் கணக்கும் தோராயமென்றால், எந்தத் திசையில் தவறினால் நட்டம் குறைவு என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அச்சிலிருந்து தட்டில் கவிழ்த்து எடுக்க வேண்டிய டெசர்ட் தளர்ந்துபோனால், கவிழ்த்த கணமே விளிம்பு வெடித்து அடிப்பக்கம் பரந்துவிடும். அதன்பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. அது சற்று இறுகியிருந்தால் உண்பவர் பொறுத்துக்கொள்வார். ஆகவே அச்சுக்குப் போகும் கலவையில் 8.4ஐ 8.5 அல்லது 9 என்று மேல்நோக்கித் திருத்துவது பாதுகாப்பு. கிண்ணத்திலோ கண்ணாடிக் குவளையிலோ அப்படியே பரிமாறும் டெசர்ட்டுக்கு நிற்கும் வலு தேவையில்லை; அங்கே இறுக்கம்தான் பெரிய குறை. அதற்கு 8 கிராம் போதும். நேர்விகிதக் கணக்கு சொல்லும் 7.1 கூட, மிக மென்மையாக இருக்க வேண்டுமென விரும்புபவர்களுக்குப் பிடித்துப்போகலாம். நேர்விகிதக் கணக்கைச் சொல்பவர்கள் பலர் தங்கள் அனுபவத்தில் அது பொய்க்கவில்லை என்று உறுதியாக வாதிடுவதற்கு, அவர்கள் பெரும்பாலும் குவளையில் பரிமாறுவதே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பன்னா கோட்டாவும் பழ ஜெல்லியும் உறைந்த பிறகும் திருத்தக்கூடியவை. மெதுவாகச் சூடாக்கினால் ஜெல் 35 டிகிரியை ஒட்டி உருகிவிடும். தளர்ந்திருந்தால் ஊறிய ஜெலட்டின் சிறிது சேர்த்தும், இறுகியிருந்தால் பால் சேர்த்தும் மீண்டும் குளிர்விக்கலாம். மூஸ் அப்படியல்ல. அடித்த க்ரீமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் காற்றை அடைத்துவைத்த ஒன்றை உருக்கினால் காற்று போய்விடும். எனவே மூஸுக்குத் தூளை முதன்முறை மாற்றிப் பயன்படுத்துகிறவர், கீழே சொல்லப்போகும் குவளைச் சோதனையை முன்னதாகச் செய்துகொள்வது நல்லது.

ஒரு பன்னா கோட்டாவை மாற்றிப் பார்த்தல்

செய்முறை இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்: க்ரீம் 600 கிராம், பால் 300 கிராம், சர்க்கரை 90 கிராம், வெள்ளித் தாள் 4. அச்சில் ஊற்றிக் கவிழ்க்க வேண்டும். தூளின் ப்ளூம் எண் 225. கணக்கில் 8.4 கிராம் வந்தது. அச்சு என்பதால் 8.5 என்று வைத்துக்கொள்கிறோம்.

அடுத்து நீர். இந்த இடத்தில் பலரும் தயங்குகிறார்கள், ஏனென்றால் தாள் கேட்கும் செய்முறையில் நீரின் அளவே இருக்காது. ஒரு பாத்திரம் நிறையக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். தூளுக்கோ நீரை அளந்து ஊற்ற வேண்டும். அந்த நீர் செய்முறையில் இல்லாத கூடுதல் நீராயிற்றே, டெசர்ட்டைத் தளர்த்திவிடாதா என்ற ஐயம் இயல்பானது. ஆனால் ஊறிய தாள்களைப் பிழிந்து தராசில் வைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தபோது 10 கிராம் நின்ற நான்கு தாள்களும் இப்போது ஏறத்தாழ 60 கிராம் காட்டும். தன் எடையைப் போல் சுமார் ஐந்து மடங்கு நீரைத் தாள் உறிஞ்சிக்கொண்டு சத்தமில்லாமல் பாத்திரத்துக்குள் கொண்டுபோகிறது. செய்முறையில் எழுதப்படாத அந்த 50 கிராம் நீர், செய்முறை வெற்றிபெற்ற நாளிலிருந்தே அதற்குள் இருக்கிறது.

ஆகவே 8.5 கிராம் தூளுக்கு ஐந்து மடங்கு என்று 42 கிராம் நீர் ஊற்றினாலும், தாள் கொண்டுவந்ததைப் போலவே 50 கிராம் ஊற்றினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு கிலோ கலவையில் 8 கிராம் நீர் பெரிதல்ல. தவிர்க்க வேண்டியது வேறொன்று: தனி நீர் வேண்டாமென்று நினைத்துச் செய்முறையின் பாலிலேயே தூளை ஊறவைத்துவிட்டு, பாலை அதற்கேற்பக் கூட்டாமல் விடுவது. அப்போது மொத்தக் கலவையில் 50 கிராம் குறைந்து, செறிவு சுமார் 5 சதவீதம் ஏறிவிடுகிறது. வர்க்கக் கணக்குப்படி உறுதி சுமார் 10 சதவீதம் ஏறும். தனியாகப் பார்த்தால் சிறியதுதான், எடைக்கு எடை மாற்றிய தவறோடு சேர்ந்தால் நன்றாகவே தெரியும்.

ஊறவைப்பதில் கவனிக்க வேண்டியது வரிசை. குளிர்ந்த நீரை முதலில் அகலமான கிண்ணத்தில் ஊற்றி, அதன் மேல் தூளை மழைபோலப் பரவலாகத் தூவ வேண்டும். தூளைக் குவித்து அதன் மேல் நீரை ஊற்றினால் குவியலின் வெளிப்புறம் உடனே வீங்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளே நீர் புகாமல் உலர்ந்த கரு மிஞ்சும். அந்தக் கரு சூடான பாலில் போட்டாலும் எளிதில் கரையாது. வடிகட்டியில் சிக்கும் ஒளி ஊடுருவும் சிறு கட்டிகளாக அது வெளியே வரும்போது, நாம் கவனமாகக் கணக்கிட்ட 8.5 கிராமில் ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது. சரியாகத் தூவிய தூள் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் ஒரே சீரான, ஈரமான பஞ்சு போன்ற அடையாகிவிடும். கரண்டியால் கீறினால் உள்ளே வெண்மையான உலர் துகள் தெரியக் கூடாது.

தாளுக்கும் இதற்கு இணையான இழப்பு ஒன்று உண்டு. அறை வெப்பமாக இருக்கும்போது குழாய் நீரில் ஊறவைத்தால் தாளின் ஓரங்கள் கரைந்து வழவழப்பாகி, பிழியும்போது விரல்களிலும் நீரிலும் தங்கிவிடும். மூலச் செய்முறையை இப்படிச் செய்து பழகியவருக்கு ‘4 தாள்’ என்பது உண்மையில் மூன்றரைத் தாளாகவே இருந்திருக்கக்கூடும். தூளில் இந்த இழப்பு இல்லை, ஊற்றிய நீர் முழுவதும் ஜெலட்டினோடு சேர்ந்தே பாத்திரத்துக்குள் போகிறது. கணக்கைச் சரியாகப் போட்டும் தூளில் செய்தது சற்று இறுகிவிட்டது என்றால், பழைய தாள்கள் எவ்வளவு குளிர்ந்த நீரில் ஊறின என்று யோசிக்கலாம்.

பாலையும் சர்க்கரையையும் 60 டிகிரி வரை சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கி, ஊறிய அடையைப் போட்டுக் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தைக் கலவையில் நனைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கரையாத துகள்கள் இருந்தால் மணல்மணலாகத் தெரியும். அவை மறையும்வரை கிளறிவிட்டு, க்ரீமைச் சேர்த்து வடிகட்டி அச்சுகளில் ஊற்றலாம். ஜெலட்டின் சேர்ந்த பிறகு கலவையை நீண்ட நேரம் கொதிக்கவிடக் கூடாது. நீடித்த கொதிப்பில் புரதச் சங்கிலிகள் துண்டுபட்டு, அச்சிட்ட ப்ளூம் எண் வெறும் எண்ணாகிவிடும்.

ஒரு கிராம் தராசில் 8.4 கிராமை நிறுப்பது

தூளைத் தேக்கரண்டியால் அளப்பது இந்த ஒப்பீட்டில் நான்காவது வாய்ப்பாக வைக்கத்தக்கதல்ல. ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம் என்பார்கள். தூளின் துகள் நுண்மையாக இருந்தால் கூடும், பருமனாக இருந்தால் குறையும், கரண்டியைத் தட்டிச் சமன்செய்தால் மறுபடியும் மாறும். ஆனால் ஒரு கிராம் மட்டுமே காட்டும் தராசும் 8 என்று காட்டும்போது உண்மையில் 7.5 ஆகவோ 8.4 ஆகவோ இருக்கலாம். நேர்விகிதத்துக்கும் வர்க்கமூலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது.

பேஸ்ட்ரி கூடங்களில் இதற்குப் பயன்படும் வழி எளிமையானது. 20 கிராம் தூளை 100 கிராம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மிதமான சூட்டில் உருக்கி, தட்டையான பெட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவிடுகிறார்கள். 120 கிராம் எடையுள்ள இந்த ஜெலட்டின் கட்டியில் ஒவ்வொரு 6 கிராமிலும் 1 கிராம் ஜெலட்டின் இருக்கிறது. 8.4 கிராம் வேண்டுமென்றால் 50 கிராம் கட்டியை வெட்டி எடுத்தால் போதும். ஒரு கிராம் தராசும் அதைப் பிசகாமல் காட்டும். நீரும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக அளக்க வேண்டியதில்லை. மூடிவைத்தால் சில நாள் தாங்கும். நீரை ஐந்து மடங்காக அன்றி ஆறு மடங்காகச் சேர்க்கும் கூடங்களும் உண்டு. அங்கே 1 கிராம் ஜெலட்டினுக்கு 7 கிராம் கட்டி. பிறருடைய செய்முறையில் கட்டியின் எடை மட்டும் இருந்தால், எந்த விகிதம் என்பதை முதலில் தேட வேண்டும்.

உறையில் ப்ளூம் எண் இல்லாதபோது

வீட்டு உபயோகத்துக்கான தூள் உறைகளில் பெரும்பாலும் ப்ளூம் எண் அச்சிடப்படுவதில்லை. அப்போது 225 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது நியாயமான ஊகம். தூள் உண்மையில் 200 ஆகவோ 250 ஆகவோ இருந்தாலும் வர்க்கமூலத்தில் அந்த வேறுபாடு சுமார் 6 சதவீதத்துக்குள் சுருங்கிவிடும். வர்க்கமூலக் கணக்கை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: தொடக்க ஊகம் தவறினாலும் விடை அதிகம் தவறுவதில்லை.

துல்லியம் வேண்டுமென்பவர் குவளைச் சோதனை செய்யலாம். நான்கு ஒரே மாதிரியான குவளைகளில் 250 கிராம் வீதம் சூடான பால் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் குவளையில் ஊறிப் பிழிந்த வெள்ளித் தாள் ஒன்று. மற்ற மூன்றில் முறையே 11, 13, 15 கிராம் ஜெலட்டின் கட்டி. அதாவது ஏறக்குறைய 1.8, 2.2, 2.5 கிராம் தூள். நான்கையும் குளிர்சாதனப் பெட்டியின் ஒரே தட்டில் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து, மறுநாள் ஒன்றாக எடுத்துச் சாய்த்தும் கரண்டியால் வெட்டியும் ஒப்பிட வேண்டும். வெட்டிய முகம் கூர்மையாக நிற்கிறதா, மெல்லச் சரிகிறதா என்பதில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். தாள் குவளைக்கு மிக நெருங்கிய குவளை 13 கிராம் கட்டியுடையது என்றால், அந்தத் தூளுக்கு உங்கள் மாற்று எண் 0.87, இனி எந்தச் செய்முறையிலும் வெள்ளித் தாளின் எடையை அந்த எண்ணால் பெருக்கினால் போதும். 15 கிராம் குவளைதான் நெருங்குகிறது என்றால் உங்கள் தூள் வெள்ளியின் வலுவையே உடையது, எடைக்கு எடை மாற்றலாம். இந்த எண்ணை அந்தப் பெட்டியின் மேலேயே எழுதிவைப்பது நல்லது. வேறு தயாரிப்பாளரின் தூளுக்கு அது செல்லாது.

சோதனையை மூன்று மணி நேரத்திலேயே முடித்துவிடக் கூடாது. ஜெலட்டின் ஜெல் உறைந்ததுபோல் தெரிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இறுகிக்கொண்டே போகும். ப்ளூம் சோதனைக்கே 17 மணி நேரம் கொடுக்கிறார்கள். மாலையில் தாளால் செய்ததை மறுநாள் உண்டு, தூளால் செய்ததை அன்று மாலையே உண்டு, தூள் வலுக்குறைவு என்று முடிவுகட்டுவது நேரத்தைத்தான் அளக்கிறது, ஜெலட்டினை அல்ல.

மீன் ஜெலட்டினுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் முழுமையாகப் பொருந்தாது. குளிர்நீர் மீன்களிலிருந்து எடுத்த ஜெலட்டின் பன்றி, மாட்டு ஜெலட்டினைவிடத் தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிவிடும். 10 டிகிரியில் அளந்த ப்ளூம் எண் ஒன்றாகவே இருந்தாலும் மேசையில் அது நிற்கும் நேரம் ஒன்றாக இருக்காது. வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றின் நொதிகள் ஜெலட்டினை வெட்டிவிடும் என்பது தாளுக்கும் தூளுக்கும் பொது. அங்கே எடையைக் கூட்டிப் பயனில்லை, பழத்தைக் கொதிக்கவைத்தே சேர்க்க வேண்டும்.

எதிர்த்திசையில் மாற்றும்போது சூத்திரத்தைத் தலைகீழாக்கினால் போதும். 7 கிராம் தூள் கேட்கும் செய்முறைக்கு வெள்ளித் தாளைப் பயன்படுத்த, 7ஐ 0.843ஆல் வகுத்தால் 8.3 கிராம், அதாவது மூன்று தாளும் மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கும். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி நிறுக்கலாம். தூளை ஊறவைக்கச் சொல்லியிருந்த நீரை இங்கே தனியாகச் சேர்க்கக் கூடாது; பிழிந்த தாள்களை நிறுத்து, அவை உறிஞ்சியது போக அந்த நீரில் மீதி ஏதும் இருந்தால் அதை மட்டும் பாலோடு ஊற்றிக்கொள்ளலாம்.